வாய்மொழி கவுன்சிலிங் குறிப்பா, எழுத்துப்பூர்வ எச்சரிக்கையா? ஒரு ஆபரேட்டர், இரண்டு விஷயங்கள்

செந்தில்_ஓசூர் (திங்கள், இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் பக்கம் ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஹெச்.ஆரில் வேலை செய்கிறேன், சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 180 பேர். சான்றளிக்கப்பட்ட நிலையாணைகள், அதாவது லேபர் துறை சான்றளித்த வேலை விதிகள், இருக்கின்றன.

ஒரு சி.என்.சி. ஆபரேட்டர், ஆறு வருஷம் சர்வீஸ். இதுவரை அவர் மேல் எந்தப் புகாரும் இல்லை. கடந்த இரண்டு மாதத்தில் ஏழு நாள் லேட் பஞ்ச், ஒவ்வொன்றும் 12 முதல் 25 நிமிஷம். அது போக, போன வாரம் நைட் ஷிப்ட்டில் அவர் மெஷினில் 38 பீஸ் ரிஜெக்ஷன். வெட்டும் முனையான இன்செர்ட்டை மாற்றிய பிறகு முதலில் வரும் ஃபர்ஸ்ட் பீஸை அளக்காமல் ஓட்டியிருக்கிறார், பீஸின் உள்துளையான போர் பெரிதாகிவிட்டது. போர் சின்னதாக இருந்தால் மறுபடி கடைந்து காப்பாற்றலாம். பெரிதாகிவிட்டால் ஸ்கிராப்தான்.

பிளான்ட் ஹெட் "ரெண்டையும் சேர்த்து ஒரே வார்னிங் லெட்டர் அடிச்சுக் குடு" என்கிறார். ஷிப்ட் இன்சார்ஜ் "நல்ல பையன், கூப்பிட்டுப் பேசி கவுன்சிலிங் எழுதி வெச்சா போதும்" என்கிறார். எதைச் செய்வது? இந்த இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

---

கார்த்தி_சோழிங்கநல்லூர் (திங்கள், இரவு 10:05)

ப்ரோ, இது சிம்பிள். வாய்மொழி என்றால் வாயால் சொல்வது. எழுதிவிட்டால் அது எழுத்துப்பூர்வ எச்சரிக்கை ஆகிவிடும். அதனால் கவுன்சிலிங் என்றால் எதையும் எழுதாதீர்கள். மூன்று வார்னிங் லெட்டர் ஆனதும் நீக்கிவிடலாம், சட்டமே அப்படித்தான். எங்கள் ஐ.டி. கம்பெனியில் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

பரமசிவம்_ஓய்வு (திங்கள், இரவு 10:52)

தம்பி கார்த்தி, நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. கவுன்சிலிங் என்பது நேரில் உட்கார்ந்து பேசுவதுதான். ஆனால் எழுதினால் எச்சரிக்கை ஆகிவிடும் என்பது தவறு. பேசியதை மறக்காமல் இருக்கக் குறித்து வைக்கிறோம், அவ்வளவுதான். மூன்று வார்னிங் கொடுத்தால் நீக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பெர்சனல் துறையில் இருந்தேன். லேபர் கோர்ட்டில் நிர்வாகத் தரப்பு சாட்சியாகக் கூண்டில் நின்றிருக்கிறேன். மூன்று லெட்டரைக் காட்டி யாரும் அங்கே ஜெயித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு லெட்டரும் எப்படிக் கொடுக்கப்பட்டது என்றுதான் கேட்பார்கள்.

செந்தில், நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வித்தியாசம் காகிதத்தில் இல்லை, அது எதைச் செய்கிறது என்பதில் இருக்கிறது.

கவுன்சிலிங் குறிப்பு யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. "இப்படி நடந்திருக்கிறது, ஏன் என்று கேட்டோம், அவர் இதைச் சொன்னார், நாம் இதைச் செய்கிறோம் என்றோம், அவர் அதைச் செய்கிறேன் என்றார், இந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம்" என்பதோடு முடிகிறது. பின்னால் அதை வைத்து ஒன்றே ஒன்றை மட்டும் காட்டலாம்: இந்த விதி இவருக்குத் தெரியும், இந்தத் தேதியில் சொல்லியிருக்கிறோம்.

எச்சரிக்கைக் கடிதம் ஒரு முடிவு. நீ இன்ன தவறு செய்தாய் என்று நிர்வாகம் தீர்மானித்து எழுதுவது. அது அவருடைய முந்தைய நடத்தைக் கணக்கில் ஏறுகிறது. மாதிரி நிலையாணைகளில், தண்டனை கொடுக்கும்போது தவறின் கடுமை, தொழிலாளியின் முந்தைய பதிவு, தணிக்கிற அல்லது கூட்டுகிற சூழ்நிலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த "முந்தைய பதிவில்" எச்சரிக்கை உட்காரும், கவுன்சிலிங் உட்காராது. அதனால்தான் எச்சரிக்கைக்கு முன்னால் விளக்கம் கேட்டே ஆக வேண்டும்.

இப்போது உங்களிடம் இரண்டு கேள்வி. ஏழு லேட் பஞ்சும் எந்த ஷிப்ட்டில் விழுந்திருக்கிறது? ஃபர்ஸ்ட் பீஸ் ஷீட்டில் அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது? இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

---

ரமணி_திருச்சி (செவ்வாய், காலை 7:15)

எனக்கும் இதே பிரச்சினைதான். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கான 17(அ)வில் மெமோ கொடுத்தார்கள், விளக்கம் எழுதினேன், கடைசியில் "எச்சரிக்கப்படுகிறார்" என்று ஆணை வந்தது. இதனால் பதவி உயர்வு பட்டியலில் என் பெயர் நின்றுவிடுமா? மேல்முறையீடு செய்யலாமா?

---

பரமசிவம்_ஓய்வு (செவ்வாய், காலை 8:30)

ரமணி அம்மா, உங்களுடையது வேறு ஆறு. கம்பெனித் தொழிலாளிக்கு நிலையாணை, உங்களுக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள். அந்த விதிகளில் தண்டனைப் பட்டியல் கண்டனத்தில் தொடங்குகிறது. எச்சரிக்கை அந்தப் பட்டியலில் கிடையாது. ஆணையில் இருக்கும் சொல் எச்சரிக்கையா கண்டனமா என்று முதலில் ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். உங்கள் கேள்வி முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தனி இழை போட்டால் அந்தத் துறை தெரிந்தவர்கள் வருவார்கள்.

---

செந்தில்_ஓசூர் (செவ்வாய், இரவு 8:20)

ஐயா, பார்த்தேன். நான் கவனிக்காத ஒன்று தெரிந்தது. ஏழு லேட் பஞ்சும் ஏ ஷிப்ட், காலை 6 மணி. பி, சி ஷிப்ட்டில் ஒரு நாள்கூட லேட் இல்லை. அதற்கு முந்தைய பத்து மாதத்தையும் எடுத்துப் பார்த்தேன், ஏ ஷிப்ட்டிலும் லேட்டே இல்லை.

ஃபர்ஸ்ட் பீஸ் ஷீட்டில் அன்று இரவு மூன்று இன்செர்ட் மாற்றம். மூன்றுக்கும் எதிரே "ஓகே" என்று எழுதி அவர் சுருக்கெழுத்து இருக்கிறது. ஆனால் அளவு எழுத வேண்டிய கட்டம் மூன்றிலும் காலி.

---

பரமசிவம்_ஓய்வு (செவ்வாய், இரவு 9:45)

நல்லது. இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும், இது ஒரு விஷயம் இல்லை, இரண்டு.

லேட் பஞ்சை எடுங்கள். அலட்சியத்தால் லேட்டாக வருகிறவன் மூன்று ஷிப்ட்டிலும் வருவான். ஒரே ஷிப்ட்டில், திடீரென்று இரண்டு மாதமாக என்றால் வெளியே ஏதோ மாறியிருக்கிறது. பஸ்ஸோ, வீடோ, குழந்தையோ, உடம்போ. இது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், கவுன்சிலிங்தான் சரி. நிலையாணையிலும் "வழக்கமாகத் தாமதமாக வருதல்" என்பதுதான் ஒழுங்கீனம். வழக்கமாக என்ற சொல் சும்மா போட்டதில்லை. ஏற்கெனவே சொல்லியும் தொடர்ந்தால்தான் அது வழக்கம். நீங்கள் இன்னும் ஒரு முறைகூடச் சொல்லவில்லையே.

இரண்டாவது அப்படி இல்லை. அளக்க மறந்தது ஒன்று, அளக்காமலே "ஓகே" போட்டது வேறொன்று. பின்னது பதிவேட்டில் உண்மையில்லாததை எழுதுவது. இதைக் கவுன்சிலிங்கில் முடிக்காதீர்கள். அதற்காக எடுத்தவுடன் வார்னிங் லெட்டரும் அடிக்காதீர்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுங்கள். அவர் சொல்வதைப் பார்த்த பிறகுதான் எச்சரிக்கையா, அதற்கு மேலேயா, ஒன்றுமில்லையா என்பது.

இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? லேட்டுக்கு அவரிடம் நியாயமான காரணம் இருந்தால், கடிதம் முழுவதுமே ஆட்டம் காணும். விசாரிக்காமல் எழுதியது என்று தெரிந்துவிடும். அந்தச் சந்தேகம் ஃபர்ஸ்ட் பீஸ் விஷயத்தின் மேலும் படியும்.

---

வேலு_சங்கம் (செவ்வாய், இரவு 10:30)

தோழர்களே, நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன். பெரியவர் சொல்வதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் கவுன்சிலிங் குறிப்பு தீங்கில்லாதது என்பதை ஏற்க முடியவில்லை. நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு உள்விசாரணை நடந்தது. நான் கூட உட்கார்ந்திருந்தேன். நிர்வாகம் அவர் ஃபைலைத் திறந்து ஒன்பது கவுன்சிலிங் குறிப்பை மேஜையில் வரிசையாக வைத்தது. ஒன்றைக்கூட அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் மெஷின் பக்கத்தில் நின்று "ஏம்பா, கொஞ்சம் பாத்துப் பண்ணு" என்று சொன்னதெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் கவுன்சிலிங் என்று எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு குறிப்பில் தேதி வாரவிடுமுறை நாள்.

அப்புறம் இன்னொன்று. நைட் ஷிப்ட்டில் லைன் லீடர் என்று ஒருவர் இருப்பார் இல்லையா? அவரிடம் கேட்டீர்களா?

---

பரமசிவம்_ஓய்வு (செவ்வாய், இரவு 11:10)

வேலு சொன்னது நூற்றுக்கு நூறு நடக்கிற விஷயம். தொழிலாளிக்குத் தெரியாமல் எழுதிய குறிப்புக்கு எந்த மதிப்பும் கிடையாது, இருக்கவும் கூடாது. 1963லேயே மைசூர் அரசு எதிர் மஞ்சே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அது அரசு ஊழியர் வழக்குதான். ஆனாலும் பழைய பதிவைக் கணக்கில் வைத்துத் தண்டிக்கப்போகிறாய் என்றால் அதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லி, பதில் சொல்ல வாய்ப்பு கொடு என்ற அந்தக் கருத்தை இன்றும் எல்லா இடத்திலும் எடுத்துக் காட்டுகிறார்கள். எச்சரிக்கைக் கடிதத்துக்கே இந்த நிலை. தெரியாமல் எழுதின கவுன்சிலிங் குறிப்பு எந்த மூலைக்கு?

செந்தில், குறிப்பை எழுதினால் ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

---

மலர்விழி_திருப்பூர் (புதன், காலை 11:20)

நான் பின்னலாடை கம்பெனியில் ஹெச்.ஆர். எங்களுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். எச்சரிக்கை கொடுத்தால் ஆள் நின்றுவிடுவார் என்று பயந்து எல்லாவற்றுக்கும் கவுன்சிலிங் எழுதினோம். ஒரு செக்கிங் தொழிலாளி தகவல் சொல்லாமல் லீவு போட்டுக்கொண்டே இருந்தார். பதினோரு கவுன்சிலிங் குறிப்பு. பன்னிரண்டாவது முறை பொறுமை போய் நேராகக் குற்றச்சாட்டு கொடுத்தோம். விஷயம் சமரச அதிகாரி வரை போனது. அவர் பதினோரு குறிப்பையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினோரு தடவை இதைப் பெரிய தப்புன்னு நீங்களே நினைக்கலையே, பன்னிரண்டாவது தடவை மட்டும் எப்படி ஆச்சு?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அதன் பிறகு எங்கள் கம்பெனியில் வைத்துக்கொண்ட வழக்கம்: ஒரே விஷயத்துக்கு ஒரு கவுன்சிலிங்தான். மூன்று மாதத்துக்குள் அதே விஷயம் திரும்பினால் அடுத்தது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். இது எங்கள் ஏற்பாடு, சட்டம் இல்லை. ஆனால் தொழிலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலாளர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். தமிழில் எழுதின குறிப்பில் கையெழுத்து வாங்கினால் அதற்கு அர்த்தமே இல்லை. அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துச் சொல்லி, யார் படித்துச் சொன்னது என்று கீழே எழுதுகிறோம்.

---

கார்த்தி_சோழிங்கநல்லூர் (புதன், பகல் 1:05)

பரமசிவம் சார், மூன்று வார்னிங் விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி. எங்கள் கம்பெனி பாலிசியில் இருப்பதை நான் சட்டம் என்று நினைத்துவிட்டேன். ஒரு சந்தேகம். எதற்கும் முதலில் கவுன்சிலிங் கொடுத்துவிடுவதுதானே பாதுகாப்பு? அது சரிப்படவில்லை என்றால் அப்புறம் அதே சம்பவத்துக்கு வார்னிங் கொடுக்கலாமே?

---

பரமசிவம்_ஓய்வு (புதன், மாலை 6:40)

அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், தம்பி. அதே சம்பவத்துக்கு இரண்டாவது முறை நடவடிக்கை கிடையாது. எந்த வழியில் முடித்தாலும் அந்தச் சம்பவம் அத்தோடு முடிந்தது.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நடந்தது. மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர் டிபன் பையில் தாமிரக் கம்பித் துண்டுகளை வைத்து வெளியே எடுத்துப்போகும்போது கேட்டில் பிடிபட்டார். மேலாளருக்கு அவர் மேல் பிரியம். அறைக்குக் கூப்பிட்டுத் திட்டினார். "இனி இப்படிச் செய்யக் கூடாது என அறிவுறுத்தப்பட்டது" என்று கவுன்சிலிங் எழுதி வேலைக்கு அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்துக்கு விஷயம் தெரிந்து, குற்றச்சாட்டு, உள்விசாரணை, பணிநீக்கம் என்று வரிசையாக நடந்தது. லேபர் கோர்ட்டில் தொழிலாளி தரப்பு அந்த ஒரு குறிப்பை மட்டும் நீட்டியது. எல்லாம் தெரிந்தே பேசி முடித்துவிட்டு, இரண்டு மாதம் வேலையும் வாங்கிவிட்டு, மறுபடி எப்படி எடுத்தீர்கள் என்றது கோர்ட். அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தோம். அந்த வழக்கில் கூண்டில் நின்றவன் நான்தான்.

அதனால் திருட்டு, அடிதடி, பெண்களிடம் தவறாக நடப்பது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றிவிடுவது மாதிரி விஷயங்களில் கவுன்சிலிங் பேச்சுக்கே இடமில்லை. எச்சரிக்கையும் போதாது. அங்கே நேராகக் குற்றச்சாட்டும் விசாரணையும்தான். பெண் தொழிலாளி புகார் என்றால் ஹெச்.ஆர். எதையும் எழுதுவதற்கு முன்னால் உள் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும்.

---

செந்தில்_ஓசூர் (வியாழன், இரவு 9:15)

இன்று அவரை உட்காரவைத்துப் பேசினேன். ஷிப்ட் இன்சார்ஜும் இருந்தார். லேட் விஷயம் மட்டும்தான் பேசினோம், ரிஜெக்ஷனைத் தொடவே இல்லை.

காரணம் பஸ்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் கம்பெனி பஸ் ரூட்டை மாற்றினோம், அவர் ஏறுகிற ஸ்டாப் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தச் சுற்றறிக்கையைத் தயாரித்ததே நான்தான், எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது 5:10க்கு வருகிற டவுன் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, இன்னொரு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் தவறினால் லேட். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா ஷிப்ட்ட மாத்துவீங்க, நைட் அலவன்ஸ் போயிடும்னு நெனச்சேன் சார்" என்றார்.

நான் எழுதின குறிப்பு இது. சரியா பாருங்கள்.

"வாய்மொழி கவுன்சிலிங் குறிப்பு. கடந்த இரண்டு மாதங்களில் ஏ ஷிப்ட்டில் ஏழு நாட்கள் தாமதம் பற்றிப் பேசப்பட்டது, தேதிப் பட்டியல் காட்டப்பட்டது. பஸ் ஸ்டாப் எடுக்கப்பட்டதால் இரண்டு பஸ் மாறி வருவதாகத் தெரிவித்தார். ஸ்டாப்பை மீண்டும் சேர்ப்பது குறித்துப் போக்குவரத்துப் பிரிவிடம் பேசி 10 நாட்களுக்குள் பதில் சொல்வதாக ஹெச்.ஆர். தெரிவித்தது. அதுவரை தாமதமாகும் நாளில் 6 மணிக்கு முன் ஷிப்ட் இன்சார்ஜுக்கு போன் செய்வதாக அவர் ஒப்புக்கொண்டார். இனி தாமதம் தொடர்ந்தால் கடுமையான ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். அடுத்த சந்திப்பு: நான்கு வாரம் கழித்து."

---

மலர்விழி_திருப்பூர் (வியாழன், இரவு 9:50)

செந்தில், எல்லாம் அருமை, அந்த ஒரு வரியைத் தவிர. "கடுமையான ஒழுங்கு நடவடிக்கை" வரியை எடுத்துவிடுங்கள். ஸ்டாப்பை எடுத்தது கம்பெனி, அவரை மிரட்டுவது எப்படி? அந்த வரி இருந்தால் இது கவுன்சிலிங்கும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. எச்சரிக்கை என்று காட்டப் போனால் விளக்கம் எங்கே கேட்டாய் என்பார்கள். கவுன்சிலிங் என்று காட்டப் போனால் மிரட்டல் எதற்கு என்பார்கள். அடுத்த முறை அவர் வாயைத் திறந்து காரணமும் சொல்ல மாட்டார்.

---

பரமசிவம்_ஓய்வு (வியாழன், இரவு 10:20)

மலர்விழி சொன்னதே சரி. அந்த இடத்தில் "6 மணிக்கு மெஷினில் இருக்க வேண்டும் என்ற விதி நினைவூட்டப்பட்டது" என்று மட்டும் போடுங்கள், போதும்.

பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் காப்பாற்றுங்கள். நாம் ஒப்புக்கொண்டதை நாம் செய்யாமல் விட்டுவிட்டு, பின்னால் அவர் லேட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தால் இதே குறிப்பு நமக்கு எதிராக வந்து நிற்கும்.

---

வேலு_சங்கம் (வியாழன், இரவு 10:45)

இந்தக் குறிப்பில் கையெழுத்து வாங்கினீர்களா? கவுன்சிலிங்குக்குக் கையெழுத்தே கேட்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. கையெழுத்து கேட்ட நிமிஷமே தொழிலாளி அதைக் குற்ற ஒப்புதல் மாதிரித்தான் பார்க்கிறார்.

---

பரமசிவம்_ஓய்வு (வியாழன், இரவு 11:00)

இதில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன், வேலு. கையெழுத்து இல்லை என்றால் நீங்கள் சொன்ன அந்த ஒன்பது குறிப்பு கதைதான் திரும்ப நடக்கும். "நகல் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் போட்டு வாங்கலாம், "ஒப்புக்கொள்கிறேன்" என்று போடக் கூடாது. மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், நகல் கொடுத்ததாகத் தேதியோடு குறித்தால் போதும்.

---

வேலு_சங்கம் (வியாழன், இரவு 11:08)

பெற்றுக்கொண்டேன் என்று எழுதினாலும் கடைசியில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். நகல் கொடுப்பது சரி. கையெழுத்தில் நான் மாறவில்லை.

---

செந்தில்_ஓசூர் (அடுத்த வாரம் புதன், இரவு 8:50)

ஃபர்ஸ்ட் பீஸ் விஷயம். நிலையாணையைப் பார்த்து, எந்தப் பிரிவு என்று குறித்து, விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தேன். தேதி, ஷிப்ட், மெஷின் நம்பர், மூன்று இன்செர்ட் மாற்றிய நேரம், அளவுக் கட்டம் காலியாக இருந்தது, எதிரே "ஓகே" இருந்தது, எத்தனை பீஸ் ரிஜெக்ஷன் என்று மட்டும் எழுதினேன். "பொய்யாக" என்ற சொல்லை முதலில் போட்டிருந்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். தமிழில்தான் கொடுத்தேன். பதில் சொல்ல மூன்று நாள் கொடுத்தேன்.

அவர் பதில் ஒரு பக்கம், கையால் எழுதியது. அவர் சொல்வது இது: அந்த மெஷினில் உள்துளை அளக்கும் போர் டயல் அன்றைக்கு அளவுச் சரிபார்ப்புக்காகப் போயிருந்தது, மாற்றுக் கருவி கொடுக்கப்படவில்லை. லைன் லீடரிடம் சொன்னேன், "பிளக் கேஜ் போட்டுப் பாத்து ஓட்டு, காலைல பாத்துக்கலாம்" என்றார். முதல் இரண்டு மாற்றத்துக்குத் துளை சரியா என்று பிளக் கேஜ் போட்டுப் பார்த்தேன், கோ பக்கம் போனது, நோகோ பக்கம் போகவில்லை, ஓகே போட்டேன். மூன்றாவது முறை அவசரத்தில் போடவில்லை, ஆஃப்செட்டையும் திருத்தவில்லை. ஓகே போட்டது என் தவறு. இவ்வளவும் அவர் எழுத்தில்.

கேஜ் ரூம் பதிவேட்டைப் பார்த்தேன். போர் டயல் அன்று மாலை 4 மணிக்கு உள்ளே போயிருக்கிறது, மறுநாள் 11 மணிக்கு வெளியே வந்திருக்கிறது. 38 பீஸும் மூன்றாவது மாற்றத்துக்குப் பிறகு ஓடியவைதான். லைன் லீடர் "நான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை" என்கிறார்.

பிளான்ட் ஹெட் சொன்னபடி அன்றைக்கே வார்னிங் அடித்திருந்தால், மூன்று முறையும் அளக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று எழுதியிருப்பேன். அதில் இரண்டு தவறு.

---

பரமசிவம்_ஓய்வு (புதன், இரவு 9:35)

விளக்கம் கேட்பது சடங்கு இல்லை என்பது இதனால்தான். இப்போது எச்சரிக்கை கொடுக்கலாம், மூன்றாவது மாற்றத்துக்கு மட்டும். கடிதத்தில் அவர் விளக்கத்தில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை என்று இரண்டு வாக்கியமாவது எழுதுங்கள். "உங்கள் விளக்கம் திருப்திகரமாக இல்லை" என்று மட்டும் அச்சடித்த வரியைப் போட்டு முடிக்காதீர்கள், படிக்காமலே எழுதியது என்று தெரியும். போர் டயல் இல்லாததும் ஆறு வருஷம் புகாரில்லாத சர்வீஸும் கருத்தில் கொள்ளப்பட்டது என்று சேருங்கள். ரிஜெக்ஷன் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் பேச்சையே எடுக்காதீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் நிலையாணையில் தண்டனைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பழைய 1946 சட்டத்தின் மத்திய மாதிரி நிலையாணைகளில் அபராதம், நான்கு நாள் வரை சஸ்பென்ஷன், பணிநீக்கம்தான் இருந்தன. எச்சரிக்கை என்ற சொல் பல கம்பெனிகள் சான்றளிப்பின்போது சேர்த்துக்கொண்டது. உங்களுடையதில் இருக்கிறதா, யார் கையெழுத்துப் போடும் அதிகாரி என்பது இரண்டையும் பாருங்கள்.

---

செந்தில்_ஓசூர் (புதன், இரவு 9:55)

இருக்கிறது ஐயா. முதல் தண்டனையே எழுத்துப்பூர்வ எச்சரிக்கைதான். கையெழுத்து பிளான்ட் ஹெட் போட வேண்டும், நான் போடக் கூடாது. நல்ல வேளை பார்த்தேன்.

எங்கள் எண்ணிக்கை 180. புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் நிலையாணைக்கு 300 பேர் என்ற வரம்பு இருக்கிறதே, எங்கள் நிலையாணை இனி செல்லுமா?

---

பரமசிவம்_ஓய்வு (புதன், இரவு 10:15)

அதை உங்கள் லேபர் வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள். இந்தக் கடிதத்தைப் பொறுத்தவரை, இருக்கிற நிலையாணைப்படி விளக்கம் கேட்டு, பதிலைப் படித்து, அதிகாரம் உள்ளவர் கையெழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் யாரும் உங்களைக் குறை சொல்ல வழியில்லை.

---

வேலு_சங்கம் (புதன், இரவு 10:25)

லைன் லீடர் விஷயம் என்ன? கருவி இல்லாமல் ஓட்டச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை, ஓட்டினவருக்கு மட்டும் எச்சரிக்கை என்றால் எந்தத் தொழிலாளி இதை நியாயம் என்பார்?

---

செந்தில்_ஓசூர் (வெள்ளி, இரவு 7:30)

வேலு அண்ணா, அவரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறேன். அவர் மறுக்கிறார், நேரில் பார்த்த ஆள் இல்லை. அவருக்கு எச்சரிக்கை கொடுக்க என்னிடம் ஆதாரம் போதாது. ஆனால் கருவி உள்ளே போனதை ஷிப்ட் ஆரம்பத்தில் அவர் குறித்து வைத்திருக்க வேண்டும், குறிக்கவில்லை. அதற்குக் கவுன்சிலிங்கா என்று ஷிப்ட் இன்சார்ஜும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆபரேட்டருக்கு எச்சரிக்கை இன்று கொடுத்தாயிற்று. முழுவதும் படித்தார், பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "முதல் ரெண்டு தடவ பாத்தேன்னு எழுதியிருக்கீங்கல்ல சார், அது போதும்" என்றார்.

பஸ் ஸ்டாப் திங்கள் முதல் திரும்ப வருகிறது. கேஜ் ரூமில் மாற்றுக் கருவி இல்லாமல் போர் டயலை வாங்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறோம்.

---

மலர்விழி_திருப்பூர் (வெள்ளி, இரவு 8:05)

செந்தில், எச்சரிக்கைக்குக் காலாவதி ஏதாவது போட்டிருக்கிறீர்களா? நாங்கள் ஒரு வருஷம் அதே மாதிரி தவறு இல்லை என்றால் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று கடிதத்திலேயே எழுதுகிறோம்.

---

செந்தில்_ஓசூர் (வெள்ளி, இரவு 8:12)

போடவில்லை. எங்கள் நிலையாணையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பிளான்ட் ஹெட்டிடம் கேட்டுப் பார்க்கிறேன்.